120 ஃபிரேமில் 8 மட்டும் சொதப்பினால்? ஃபேஸ் ஸ்வாப்பைக் கையால் சரிசெய்வது இப்படித்தான்!

1993-ல் வெளியான 'ஜுராசிக் பார்க்' படத்தில், சிறுமி லெக்ஸ் சீலிங் ஓட்டையில் தொங்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அதில் தொங்கியது ஸ்டண்ட் டபுள். அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துவிட்டதால், லெக்ஸாக நடித்த அரியானா ரிச்சர்ட்ஸின் முகத்தை கம்ப்யூட்டரில் அவர்மேல் ஒட்டினார்கள். அன்று கையால் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று சாஃப்ட்வேரே செய்துவிடுகிறது. ஆனால், எல்லா ஃபிரேமிலும் அல்ல.

எங்கே சொதப்புகிறது?

சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் முகத்தைத் தேடுகிறது. கண் ஓரம், மூக்கு நுனி, உதடு, தாடை எனப் புள்ளிகள் வைக்கிறது. அந்தப் புள்ளிகளுக்கு ஏற்ப நடிகரின் முகத்தைப் பொருத்துகிறது. புள்ளிகள் தப்பினால் எல்லாமே தப்பு.

ஒரு உதாரணம். 5 விநாடி சண்டை ஷாட். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 120. 61-வது ஃபிரேமில் டபுளின் கை முகத்தைக் கடக்கிறது, 68-ல் விலகுகிறது. அந்த 8 ஃபிரேம் வெறும் மூன்றில் ஒரு விநாடிதான். ஆனாலும் கண்ணில் படும். முகம் சட்டென வழுக்கினால் புள்ளிகள் இடம் மாறியிருக்கின்றன. டபுளின் சொந்த முகம் ஒரு கணம் மின்னி மறைந்தால், சாஃப்ட்வேருக்கு முகமே கிடைக்கவில்லை. விரல்கள் கன்னத்துக்குள் கரைந்தால் மாஸ்க் தவறு.

சரி, எப்படி ரிப்பேர் செய்வது?

முதலில் ஷாட்டை நார்மல் வேகத்தில் பார்க்க வேண்டும். கண் எங்கே இடறுகிறதோ, அங்கே மட்டும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கெட்டுப்போனவற்றின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் 60-ம் 69-ம் நல்ல ஃபிரேம்கள். ரிப்பேருக்கான முகம் இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

60-ல் இருக்கும் முகத்தை அப்படியே காப்பி செய்து 8 ஃபிரேமிலும் ஒட்டினால் வேலைக்கு ஆகாது. தலை அசைந்துகொண்டே இருக்கும், முகம் மட்டும் நின்றுவிடும். எனவே, கைக்கு வெளியே தெரிகிற டபுளின் காது, புருவம், தாடையை வைத்து ஒவ்வொரு ஃபிரேமிலும் முகத்தை நகர்த்தி, லேசாகத் திருப்பிப் பொருத்துகிறார்கள். முதல் பாதிக்கு 60-ன் முகம், பின்பாதிக்கு 69-ன் முகம். நடுவில், கை அதிகம் மறைக்கும் இடத்தில், ஒன்று மற்றொன்றாக மெதுவாக மாறும்.

அடுத்தது கை. ஒரிஜினல் காட்சியிலிருந்து கையை மட்டும் கோடு வரைந்து வெட்டியெடுத்து, புது முகத்துக்கு மேல் லேயராக வைக்க வேண்டும். இதற்குப் பெயர் ரோட்டோ. கையை ஒரே வடிவமாக வரையாமல், உள்ளங்கைக்கு ஒன்று, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று எனத் தனித்தனியாக வரைந்தால் நகர்த்துவது எளிது. வேகமாக வீசும் கையின் ஓரம் கலங்கித் தெரியும் என்பதால், மாஸ்க் ஓரமும் கை போகும் திசையில் அதே அளவு மங்கலாக இருக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் கூர்மையாக விட்டால், ஒட்டுவேலை காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் மறப்பது நிழலை. கன்னத்தில் விழுந்த கையின் நிழல் டபுளின் முகத்தோடு போய்விட்டது. புது முகத்தில் அந்த இடத்தை மீண்டும் இருட்டாக்க வேண்டும். கடைசியாக, வீடியோவில் உள்ள நுண்ணிய புள்ளிச் சிதறலான கிரெய்ன். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவது. ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்த முகத்தில் அது உறைந்திருக்கும். எனவே, முகத்தில் இருப்பதை மெல்ல நீக்கிவிட்டு, புதிதாகச் சேர்க்கிறார்கள்.

பாஸா, ஃபெயிலா?

தனித்தனியாகப் பார்த்தால் 8 ஃபிரேமும் பக்காவாக இருக்கலாம். ஓடவிட்டால் முக ஓரம் கொதிக்கும் பால்போல் நடுங்கும்! ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கோடு வரைந்ததுதான் காரணம். 61, 64, 68-ல் மட்டும் வடிவத்தை அமைத்து, இடையில் உள்ளவற்றை சாஃப்ட்வேரே நிரப்பவிட்டு, விலகும் இடத்தில் மட்டும் திருத்தினால் நடுக்கம் அடங்கும். பிறகு 50 முதல் 80 வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் ரிப்பேர் தொடங்கியது என்று வேறொருவரால் சொல்ல முடியாவிட்டால் பாஸ்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. 8-க்குப் பதில் 60 ஃபிரேம் கெட்டிருந்தால் கையால் திருத்துவது வீண். புள்ளிகளைச் சரியாக வைத்து, ஸ்வாப்பையே மறுபடி ஓட்டுவது நல்லது. அவ்வளவு நேரம் முகம் மறைந்திருந்தால், மறைவதற்கு முன் இருந்த முகபாவம் பின்பு அப்படியே இருக்காது. இடையில் நடிகர் என்ன செய்திருப்பார் என்பதைக் கற்பனையில்தான் வரைய வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் எடிட்டர் ஷாட்டை முன்கூட்டியே கட் செய்துவிடுவதும் ஒரு தீர்வுதான்.