ஒரே முகவரியில் இரண்டு கருவிகள்

ஒரு சின்ன நெட்வொர்க்கில் இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐபி முகவரி அமைந்துவிட்டால், இணைப்பு ஒரேயடியாக நின்றுவிடாது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், யாரும் தொடாமலே மறுபடி ஓடும். இந்தப் பழுது நாள்கணக்கில் பிடிபடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். கேபிளை மாற்றினாலும் ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் சரியானது போலத் தோன்றுவதால், பழி கேபிள் மீதோ இன்டர்நெட் நிறுவனத்தின் மீதோ விழுந்துவிடுகிறது.

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்ளலாம். பில் போட மூன்று கணினிகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நெட்வொர்க் பிரிண்டர், கேமராக்களுக்கு ஒரு டிவிஆர், எல்லாம் ஒரே ஸ்விட்சில். பிரிண்டரைப் பொருத்தியவர் அதற்கு 192.168.1.50 என்று நிலையான முகவரி கொடுத்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்துக் கேமரா பொருத்த வந்தவரும் நினைவில் வைக்க எளிது என்று டிவிஆருக்கு அதே 50-ஐயே கொடுத்தார். இது அபூர்வமான தற்செயல் அல்ல. பொருத்துபவர்கள் 10, 50, 100, 200 போன்ற எண்களையே விரும்புவார்கள்; முன்னால் வந்தவர் என்ன கொடுத்தார் என்று எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை.

கடையில் இரண்டு புகார்கள் எழும். முதல் கணினியில் பில் அச்சாகும் அதே நேரத்தில், இரண்டாவது கணினி பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது. கடைக்காரர் வீட்டிலிருந்து போனில் பார்த்தால் கேமரா சில சமயம் வருவதில்லை. பிரிண்டர் மெக்கானிக் ஒருவரும் கேமரா ஆள் ஒருவரும் தனித்தனியாக வந்து, தத்தம் கருவியில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

நடப்பது இது. ஒரே லேனுக்குள் தகவல் ஐபி முகவரியை மட்டும் வைத்துப் போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் கொடுத்த மேக் முகவரி என்று ஒன்று உண்டு. பில் கணினி பிரிண்டரிடம் பேசுவதற்கு முன், '192.168.1.50 யாரிடம் இருக்கிறது?' என்று லேன் முழுவதற்கும் கேட்கிறது. ஏஆர்பி எனப்படும் இந்த முறை 1982-இல் வகுக்கப்பட்டது. அந்த முகவரி உள்ள கருவி தன் மேக் முகவரியைப் பதிலாகச் சொல்ல, கணினி அதைக் குறித்துக்கொள்கிறது. இரண்டு கருவிகள் பதில் சொன்னால் எது பொய் என்று கண்டுபிடிக்க அந்த முறையில் வழி கிடையாது. பெரும்பாலும் கடைசியாக வந்த பதிலே குறிப்பில் நிற்கும்.

குறிப்பும் நிரந்தரமல்ல. பயன்பாடு இல்லாவிட்டால் விண்டோஸ் கணினியில் அது ஒரு நிமிடத்துக்குள்ளேயே பழசாகி, மறுபடி கேட்க வேண்டியதாகிவிடும். போதாததற்கு, டிவிஆர் தன் வேலைக்காக ரவுட்டரைத் தேடும்போதும் '50 நான்தான்' என்ற தகவல் அந்தக் கேள்வியிலேயே சேர்ந்து போகிறது. அதைக் காதில் வாங்கும் கணினிகள் பலவும் தம் குறிப்பைத் திருத்திக்கொள்கின்றன. இப்படி ஒவ்வொரு கணினியும் தனித்தனிக் குறிப்பு வைத்திருப்பதால்தான் ஒன்றில் பில் அச்சாகிறது, பக்கத்து மேசையில் ஆகவில்லை. ரவுட்டரின் குறிப்பு பிரிண்டர் பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில் போனில் கேமரா வராது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் அதன் குறிப்பு அழிந்து புதிதாக எழுதப்படும். அது சரியான பக்கம் விழுந்தால் பழுது தீர்ந்ததாகத் தோன்றும்.

புதிய கணினிகள் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும் முன் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கும். விண்டோஸில் மோதல் தெரியவந்தால் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 4199 என்ற எண்ணில், எதிராளியின் மேக் முகவரியோடு பதிவாகும். ஆனால் மலிவான டிவிஆர்களும் பழைய பிரிண்டர்களும் இந்த விசாரணையை எல்லாம் செய்யும் என்று நம்ப முடியாது. மோதுபவை அவை இரண்டு மட்டும்தான் என்றால், எந்தக் கணினியிலும் எச்சரிக்கை வராது.

கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவர் கூட வேண்டாம். பிரிண்டரின் கேபிளைக் கழற்றி, அதில் வைஃபை இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். பிறகு ஒரு பில் கணினியில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இவற்றைக் கொடுக்க வேண்டும்:

```
arp -d 192.168.1.50
ping 192.168.1.50
arp -a
```

முதல் வரி பழைய குறிப்பை அழிக்கிறது. அதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் ஏமாற்றக்கூடும். பிரிண்டர் கழன்று கிடக்கும்போது `ping`-க்குப் பதில் வந்தால் 50-இல் வேறொருவர் குடியிருக்கிறார் என்று உறுதி. பதில் வராவிட்டாலும் எப்படி வரவில்லை என்று பார்க்க வேண்டும். `Destination host unreachable` என்றால் அந்த முகவரியைக் கேட்டு யாரும் குரல் கொடுக்கவில்லை. `Request timed out` என்றால், மேக் முகவரியைச் சொன்ன ஒருவர் இருந்துகொண்டே பிங்கை மட்டும் தட்டிக் கழித்திருக்கலாம். அந்த நிலையிலும் `arp -a` பட்டியலில் 50-க்கு நேரே அவருடைய மேக் முகவரி நிற்கும்.

பிரிண்டர் செருகியே இருக்கும்போது பிங் கொடுத்துப் பார்ப்பது இந்தப் பழுதுக்கு உதவாத சோதனை. இருவரில் யார் பதில் சொன்னாலும் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அபூர்வமாக, ஒரு பதிலில் `TTL=64`, அடுத்ததில் `TTL=255` என்று மாறி வந்தால் சந்தேகப்படலாம். ஒரே கருவி அப்படி எண்ணை மாற்றிக்கொண்டிருக்காது. லினக்ஸ் மடிக்கணினி கையில் இருந்தால் எதையும் கழற்றாமலே பார்க்கலாம்:

```
arping -b -I eth0 -c 5 192.168.1.50
```

`eth0` இருக்கும் இடத்தில் அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு பெயரைப் போட வேண்டும். `-b` இல்லாவிட்டால், முதல் பதில் வந்ததும் இந்தக் கட்டளை அந்த ஒருவரிடமே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கிவிடும். அதைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் எல்லோரையும் கேட்கும். மோதல் இருந்தால் ஒரே முகவரிக்கு இரண்டு மேக் முகவரிகள் வரும். ஒரே கணினி கேபிளிலும் வைஃபையிலும் சேர்ந்து இணைந்திருந்தாலும் இரண்டு வரலாம் என்பதால், அதை மட்டும் முதலில் விலக்கிவிட வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் அதே லேனுக்குள் இருந்து செய்தால்தான் பலிக்கும். விருந்தினர் வைஃபையில் இருந்து செய்தால் ஒன்றும் தெரியாது.

இனி, குடியிருப்பவர் யார்? மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளருக்கு உரியவை. இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும். கேமரா நிறுவனம் என்று வந்தால் டிவிஆரின் நெட்வொர்க் மெனுவைத் திறந்து ஒப்பிட்டுவிடலாம். இரண்டாவது எழுத்து 2, 6, A, E என்பவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் தனக்குத் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி; அங்கே தேடலில் பெயர் கிடைக்காது. அப்படியானால் ரவுட்டரே 50-ஐ அந்தப் போனுக்கு வழங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் போன்காரர் கடைக்குள் இருக்கும் நேரத்தில் மட்டும் பழுது வருவதும் இந்த வகையில்தான். எதுவும் புரியாவிட்டால், பிரிண்டர் கழன்றிருக்கும்போதே `ping -t` ஓடவிட்டு ஸ்விட்சில் உள்ள கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எதை எடுத்ததும் பதில் நிற்கிறதோ, ஆள் அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறார்.

மருந்துக் கடையில் மாற்ற வேண்டியது டிவிஆரின் முகவரியை. பிரிண்டரை மாற்றினால் மூன்று கணினிகளிலும் பிரிண்டர் போர்ட்டைத் திருத்த வேண்டிவரும். டிவிஆரில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். வெளியிலிருந்து கேமரா பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டிருந்தால் அங்கும் புது முகவரியைப் போட வேண்டும். ரவுட்டர் 100 முதல் 199 வரை தானாக வழங்குகிறது என்றால், புதிய எண் அந்த வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். மாற்றியபின் பிரிண்டரைக் கழற்றி, மூன்று வரிச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இப்போது 50-க்கு `Destination host unreachable` வந்தால் மோதல் தீர்ந்தது.