அடைப்பு எந்த முனையில்?

கல்யாணமாகி மூன்று வருடம் ஆன ஒரு பெண்ணின் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். வலது கருக்குழாயில் மருந்து ஓடி வயிற்றுக்குள் சிந்தியிருக்கிறது. இடது குழாய் கருப்பையை ஒட்டிய இடத்திலேயே தெரியவில்லை. ‘இடது பக்கம் கார்னுவல் பிளாக்’ என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த வரிக்கு அழ வேண்டியதில்லை.

கருக்குழாய் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளம். கருப்பையின் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதன் துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சாதாரண ஸ்கேனில் நல்ல குழாய் கண்ணுக்குப் படாது. அதனால்தான் கருப்பைக்குள் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, அது போகும் வழியை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். இதுதான் எச்.எஸ்.ஜி. பேச்சு வழக்கில் டியூப் டெஸ்ட்.

மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒன்று என்று எண்ணினால், பெரும்பாலும் ஆறிலிருந்து பதினொன்றாம் நாளுக்குள், உதிரப்போக்கு நின்ற பிறகு எடுப்பார்கள். கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய நாட்கள் இவை. அந்த மாதம் மாதவிலக்கு வந்ததிலிருந்து தாம்பத்திய உறவு வேண்டாம் என்பார்கள். தெரியாமல் தங்கியிருக்கும் கருவின் மேல் எக்ஸ்ரே படக்கூடாது. காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தாலும், முன்பு ஸ்கேனுக்குப் போட்ட மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் சொன்ன வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டு போனால் நல்லது. எக்ஸ்ரே மேசையில் முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, கருப்பை வாயைச் சுத்தம் செய்து, மெல்லிய குழாயைச் செருகி, மருந்தை மெதுவாகத் தள்ளுவார்கள். மொத்தம் பத்து மில்லி அளவுக்குள் முடிந்துவிடும். மருந்து ஏறும்போது மாதவிலக்கு வலி போல, சிலருக்கு அதைவிடக் கடுமையாக, அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். சில நிமிடங்களில் தணியும். எழுந்ததும் சிலருக்குத் தலை சுற்றும், அவசரப்பட வேண்டாம். ஓரிரு நாள் லேசாக உதிரம் படலாம். காய்ச்சல் வந்தாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ கிருமித்தொற்று என்று சந்தேகித்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படத்தில் கருப்பை தலைகீழ் முக்கோணமாகத் தெரியும். மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் நூல் போல குழாய்கள் கிளம்பி, கடைசியில் சற்று அகலும். அங்கிருந்து மருந்து புகை மாதிரி வயிற்றுக்குள் பரவினால் அந்தப் பக்கம் வழி இருக்கிறது.

இனி நம் ரிப்போர்ட்டுக்கு வருவோம். மருந்து ஏறும் வலியில் கருப்பைத் தசை சுருங்கினால், குழாயின் வாயும் சேர்ந்து இறுகும். சளித்துணுக்கு ஒன்றோ காற்றுக்குமிழியோ போதும், அந்த மெல்லிய துவாரத்தை அடைத்துவிட. இன்னொன்றும் உண்டு: வலது பக்கம் தாராளமாகத் திறந்திருந்தால் மருந்து சுலபமான வழியிலேயே ஓடிவிடும்; இடது பக்கத்தைத் திறக்கும் அழுத்தம் சேராது. மறுபடி பார்க்கும்போது இப்படிப்பட்ட ‘அடைப்பு’ காணாமல் போவது சர்வ சாதாரணம். அதற்கு மறுபடியும் எச்.எஸ்.ஜி. எடுக்கலாம், லேப்ராஸ்கோபியில் நீலச்சாயம் செலுத்தி நேராகவே பார்க்கலாம். வலது குழாய் திறந்திருப்பதால், வயதும் கணவரின் விந்தணுப் பரிசோதனையும் சரியாக இருந்தால், சில மாதம் இயல்பாகவே முயலச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. விந்தணுப் பரிசோதனையே செய்யாமல் மனைவியை மட்டும் எக்ஸ்ரே மேசைக்கு அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுமுனை அடைப்பு வேறு கதை. குழாய் நீர் கோர்த்து பலூனாக உப்பி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் நின்றால் அதை எளிதில் ஒதுக்க முடியாது. அந்த நீர் கருப்பைக்குள் திரும்பி வழிந்து, டெஸ்ட் டியூப் பேபி முறையில் வைக்கும் கருவையும் நிலைக்க விடாமல் செய்யும். அதனால் அந்தக் குழாயை முன்கூட்டியே அகற்றவோ கிளிப் போட்டு அடைக்கவோ சொல்வார்கள். குழாய் விறைத்து, மணி கோர்த்தது போல் தெரிந்தால் நம் நாட்டில் காசநோயையும் சந்தேகிக்க வேண்டும். அதற்கான பரிசோதனைகள் தனி.

திறந்திருக்கும் குழாய் வேலை செய்கிறதா என்பதை எச்.எஸ்.ஜி. சொல்லாது. முட்டையை நகர்த்தும் நுண்ணிய மயிரிழைகள் பழுதாகியிருந்தாலும் மருந்து ஓடிவிடும். குழாயைச் சுற்றியுள்ள ஒட்டுத்திசுக்களும் பெரும்பாலும் பிடிபடாது.

‘டெஸ்ட் எடுத்த கையோடு தங்கிடுச்சு’ என்று சொல்வார்கள். அது வெறும் பேச்சில்லை. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த மருந்து செலுத்தப்பட்டவர்களில் 39.7 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தார்கள். நீரில் கரையும் மருந்து செலுத்தப்பட்டவர்களில் 29.1 சதவீதம்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளோடு ஃபிலிமையும் எடுத்துப் போங்கள். அடைப்பு என்றால், குழாயின் எந்த முனையில் என்று கேளுங்கள்.