பதினாறாம் தேதியா, பன்னிரண்டாம் தேதியா?

லேப்டாப்பைத் திறந்து விளையாட உட்கார்ந்தால், ஆட்டம் தொடங்குவதற்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. இந்தக் கணினியில் இருக்கும் சேவ் ஒன்று, கிளவுடில் இருக்கும் சேவ் வேறு, எது வேண்டும் என்று கேட்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு தேதியும் நேரமும் போட்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் புதிய தேதி எதுவோ அதை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பல சமயம் அது சரியாகவே அமையும். அமையாத ஒரு சமயத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற தளத்தில் இந்தப் பெட்டி அடிக்கடி வரும். ஆட்டத்தைத் தொடங்கும்போது ஸ்டீம் கிளவுடைப் பார்த்துப் புதிய சேவ் இருந்தால் இறக்கிக்கொள்ளும். ஆட்டத்தை மூடும்போது நம் சேவை மேலே ஏற்றிவிடும். கடைசியாக இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தபோது ஃபைல்கள் எப்படி இருந்தன என்பதையும் கணினியிலேயே குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் குறிப்போடு ஒப்பிடுகிறது. கணினியில் மட்டும் மாற்றம் இருந்தால் கேட்காமலே ஏற்றும். கிளவுடில் மட்டும் மாற்றம் இருந்தால் கேட்காமலே இறக்கும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் நம்மிடம் வருகிறது. ஆகவே அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு விஷயத்தை நிச்சயமாகச் சொல்லிவிடலாம்: ஒரே சேவிலிருந்து கிளம்பி, இரண்டு இடத்தில் தனித்தனியாக ஏதோ எழுதப்பட்டிருக்கிறது.

வீட்டில் பால் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, அதை நகலெடுத்து அம்மா ஒன்றிலும் மகள் ஒன்றிலும் எழுதிவந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் இரண்டையும் கூட்டிச் சேர்த்துவிடலாம். சேவ் ஃபைலில் அது நடக்காது. பணம், பயிர், பழகிய மனிதர்கள், அன்றைய தேதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரே ஃபைல் அது. ஒன்றை வைத்தால் மற்றதை விடத்தான் வேண்டும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு 2016-ல் வந்தது. அதில் ஒரு பருவத்துக்கு 28 நாள். விளையாட்டுக்குள் ஒரு நாள் என்பது நிஜத்தில் அதிகபட்சம் 14 நிமிடம் சொச்சம். கதாபாத்திரம் படுத்துத் தூங்கும்போதுதான் சேவ் ஆகும், நடுவில் ஆகாது. நம் உதாரணத்துக்கு இது வசதி. ஒவ்வொரு சேவையும் ஒரு தேதியாகவே எண்ணிவிடலாம்.

ஒரு பெண் இதை விளையாடுகிறார். வீட்டில் டெஸ்க்டாப், பயணத்துக்கு லேப்டாப். பண்ணையில் முதல் வருடம், கோடை 10-ம் தேதி. இரண்டு கணினியிலும் கிளவுடிலும் அதே சேவ்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரவு ரயிலில் லேப்டாப்பைத் திறக்கிறார். இணையம் இல்லை, ஸ்டீம் ஆஃப்லைனில் ஓடுகிறது. ஆறு நாள் விளையாடுகிறார். 11-ம் தேதி ஊர்க்காரர்கள் கடற்கரையில் கூடிச் சாப்பிடும் லுவாவ் விருந்துக்குப் போகிறார். கோடை முதல் நாளில் விதைத்த ப்ளூபெர்ரி 13 நாளில் காய்த்து, 14-ம் தேதி முதல் அறுவடை. 16-ம் தேதி காலைக்கு வந்து, இரவு 11.40-க்கு மூடுகிறார். மேலே ஏற்ற இணையம் இல்லாததால் அந்த ஆறு நாளும் லேப்டாப்பிலேயே தங்கிவிடுகிறது.

ஞாயிறு மாலை வீட்டில் டெஸ்க்டாப்பைத் திறக்கிறார். லேப்டாப் இன்னும் பையில், அணைந்தபடி. ரயிலில் நடந்தது ஸ்டீமுக்குத் தெரியாது. பண்ணை கோடை 10-ல் நிற்கிறது. அவரும் கவனிக்காமல் அதே லுவாவ் விருந்துக்கு மறுபடி போய்விட்டு, அப்புறம்தான் எங்கோ உதைக்கிறதே என்று 12-ம் தேதி காலையில் நிறுத்துகிறார். நேரம் 7.15. டெஸ்க்டாப்பில் இணையம் இருப்பதால் சேவ் உடனே கிளவுடுக்குப் போய்விடுகிறது.

திங்கட்கிழமை லேப்டாப்பை இணையத்தோடு திறந்ததும் பெட்டி வருகிறது. Local என்ற பக்கத்தில் சனி இரவு 11.40. Cloud என்ற பக்கத்தில் ஞாயிறு இரவு 7.15. புதியது கிளவுட். அதை அழுத்தினால் 16-ம் தேதி மேல் 12-ம் தேதி வந்து உட்கார்ந்துவிடும். ப்ளூபெர்ரி எல்லாம் மறுபடி பச்சையாய்ச் செடியில்.

பெட்டி பொய் சொல்லவில்லை. ஃபைல் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. ஆட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அந்த நேரத்தை இவ்வளவு பெரிதாகக் காட்டுவதே வம்பு. புதிய கணினியில் ஒரு ஆட்டத்தைக் கிளவுட் இல்லாமல் ஒரு தடவை திறந்து மூடினால்கூட, சில ஆட்டங்கள் ஒரு வெற்றுச் சேவை எழுதிவிடும். அதன் தேதி இன்றைய தேதி. இருநூறு மணி நேர உழைப்பு இருக்கும் கிளவுட் சேவ் அதன் பக்கத்தில் பழசாகத் தெரியும். கணினியின் கடிகாரமே தப்பாக ஓடினால் அந்த நேரத்துக்கு அர்த்தமே இல்லை.

அதனால் பெட்டி வந்தால் இரண்டு பொத்தானையும் தொடாமல் அதை அப்படியே விட்டுவிட்டு, முதலில் கணினியில் இருக்கும் சேவை நகலெடுக்க வேண்டும். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி இதைத் தட்டினால் ஸ்டார்டியூவின் சேவ் ஃபோல்டர் திறக்கும்:

```
%AppData%\StardewValley\Saves
```

உள்ளே உங்கள் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்த பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக எடுத்து டெஸ்க்டாப் திரையிலோ பென்டிரைவிலோ ஒட்டிவிடுங்கள். Saves-க்கு உள்ளேயே ஒட்ட வேண்டாம், அங்கே நடப்பது எல்லாம் கிளவுடின் கையில். ஃபோல்டருக்குள் `_old` என்று முடியும் ஃபைல்களும் தெரியும். முந்தைய நாளின் பிரதியை ஆட்டமே எடுத்து வைப்பது அது. ஒரு நாள் பழையது, அதே ஃபோல்டரில் இருப்பது என்பதால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

இப்போது கிளவுடில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பலருக்குத் தெரியாத வழி இது. உலாவியில் உங்கள் ஸ்டீம் கணக்கில் நுழைந்து `store.steampowered.com/account/remotestorage` என்ற பக்கத்துக்குப் போனால், கிளவுடில் ஃபைல் வைத்திருக்கும் உங்கள் ஆட்டங்களின் பட்டியல் வரும். ஸ்டார்டியூவுக்கு நேரே Show Files அழுத்தினால் ஒவ்வொரு ஃபைலின் பெயரும் அளவும் தேதியும் தெரியும், பக்கத்தில் Download இருக்கும். வெற்றுச் சேவாக இருந்தால் அளவைப் பார்த்தே பல சமயம் சந்தேகப்பட்டுவிடலாம். எல்லாவற்றையும் இறக்கித் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டால், இரண்டு பக்கத்தின் நகலும் உங்கள் கையில். இதற்குப் பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

ஒப்பிடுவதற்கு `SaveGameInfo` என்ற ஃபைலை நோட்பேடில் திறக்கலாம். ஸ்டார்டியூவின் சேவ் படிக்கக்கூடிய எழுத்தில்தான் இருக்கிறது. வரிசை நீளமாகக் குழப்பமாகத் தெரியும், Ctrl+F கொண்டு இந்த நான்கை மட்டும் தேடுங்கள். லேப்டாப்பின் ஃபைலில் கிடைப்பது:

```
<dayOfMonthForSaveGame>16</dayOfMonthForSaveGame>
<seasonForSaveGame>1</seasonForSaveGame>
<yearForSaveGame>1</yearForSaveGame>
<millisecondsPlayed>37440000</millisecondsPlayed>
```

பருவம் 0 என்றால் வசந்தம், 1 கோடை. கடைசி எண் இதுவரை விளையாடிய நேரம், மில்லிசெகண்டில். 36 லட்சத்தால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். இங்கே 10 மணி 24 நிமிடம். கிளவுடிலிருந்து இறக்கியதில் நாள் 12, நேரம் 34080000, அதாவது 9 மணி 28 நிமிடம். இரண்டும் பிரிந்த இடம் 9 மணி. லேப்டாப்பை விட்டால் 84 நிமிட விளையாட்டு போகும், கிளவுடை விட்டால் 28 நிமிடம். இனி யோசிக்க ஒன்றுமில்லை, Local.

ஆனால் எப்போதும் நேரம் கூடியதே ஜெயிக்க வேண்டும் என்றில்லை. அந்த 28 நிமிடத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு பொருள் கிடைத்திருந்தால், ப்ளூபெர்ரியை இன்னொரு தடவை பறித்துக்கொள்ளலாம் என்று கிளவுடைத் தேர்ந்தெடுப்பதும் நியாயமே. எதை மறுபடி செய்ய மனம் வரும், எதற்கு வராது என்பது விளையாடியவருக்கு மட்டுமே தெரியும். கைபேசி ஆட்டங்களில் இந்த உரிமையே பல நேரம் நமக்கு இல்லை. கூகுள் பிளே கேம்ஸில் இப்படி மோதல் வந்தால், அதிக நேரம் விளையாடியதை எடு, கடைசியாக மாறியதை எடு, முன்னேற்றம் கூடியதை எடு என்று ஆட்டத்தை எழுதியவரே விதி வைத்துவிடலாம். பெட்டி வராமலே முடிவு நடந்துவிடும்.

அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்திவிட்டவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நம் உதாரணத்தில் Local-ஐ அழுத்திய பிறகு 12-ம் தேதிதான் வேண்டும் என்று தோன்றினால், அது டெஸ்க்டாப்பின் வட்டில் இன்னும் இருக்கிறது. ஸ்டீமைத் திறப்பதற்கு முன் டெஸ்க்டாப்பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும். இணையத்தோடு ஆட்டத்தைத் தொடங்கினால் அங்கும் 16 வந்து இறங்கிவிடும். மாறாக Cloud-ஐ அழுத்தியிருந்தால் மீட்க வழியில்லை. ரயிலில் ஆடிய ஆறு நாளும் லேப்டாப்பில் மட்டுமே இருந்தது, அதன் மேல்தான் எழுதியாயிற்று.

நகல் எடுத்து வைத்திருந்தால் திரும்ப வைப்பது சுலபம். ஸ்டீமில் அந்த ஆட்டத்தின் Properties-ல் Steam Cloud-ஐ அணைத்துவிட்டு, நகல் ஃபோல்டரை Saves-ல் பழையதன் மேல் ஒட்டுங்கள். ஆட்டத்தைத் திறந்து சரிதானா என்று பார்த்த பின் கிளவுடைத் திரும்ப இயக்குங்கள். அதே பெட்டி மறுபடி எட்டிப்பார்த்தால் இந்த முறை தயங்காமல் Local.

பொத்தானை அழுத்திய பிறகு பண்ணைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தேதியும் பணமும் விளையாடிய நேரமும் தெரியும். கோடை 16 என்று இருந்தால் உள்ளே போய், பெட்டியைத் திறந்து ப்ளூபெர்ரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது இடித்தால் தூங்காமல் வெளியே வந்துவிடுங்கள். தூங்காதவரை ஆட்டம் புதிதாக எதையும் எழுதுவதில்லை.