பொதுக்கூட்ட அறிவிப்பை எழுதுவது எப்படி? பீன்யாவிலிருந்து ஒரு கடன் கோப்பு

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும், பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு பொது நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பங்குதாரர்கள் முப்பத்து நான்கு பேர். செலுத்தப்பட்ட மூலதனம் ₹4 கோடி, கையிருப்பு நிதி ₹5 கோடி, பங்கு முனைமம் ₹1 கோடி. தவணைக் கடன்கள் ஏற்கெனவே ₹7 கோடி உள்ளன. புதிய இயந்திரத்திற்காக மேலும் ₹6 கோடி கேட்கிறார்கள். வங்கி ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனால் பணம் வழங்குவதற்கு முன், பொதுக்கூட்டத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலையும் கூட்ட அறிவிப்பின் நகலையும் கேட்கிறது.

எதற்காக? கம்பெனிகள் சட்டம் 2013இன் 180ஆம் பிரிவின்படி, மூலதனம், கையிருப்பு நிதி, பங்கு முனைமம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையைத் தாண்டி இயக்குநர் குழு கடன் வாங்க வேண்டுமானால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவை. நம் எடுத்துக்காட்டில் அந்த வரம்பு ₹10 கோடி. கடன் ₹13 கோடியாகப் போகிறது. வழக்கமான வணிகத்தில் வங்கியிடம் பெறும் குறுகிய காலக் கடன்கள் இந்தக் கணக்கில் சேரா. ஆனால் இயந்திரம் வாங்கும் கடன் சேரும். வரம்பை மீறிய கடன், மீறல் தெரியாமல் நல்லெண்ணத்துடன் கொடுத்ததாகக் கடன் கொடுத்தவர் நிரூபித்தாலன்றிச் செல்லாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஐந்தொகையைக் கையில் வைத்திருக்கும் வங்கி, தனக்குத் தெரியாது என்று சொல்ல இயலாது. ஆகவே தீர்மானம் முறையாக நிறைவேறியதா என்று பார்க்கும் வங்கி அலுவலர், முதலில் அறிவிப்பைத்தான் புரட்டுவார். தனியார் வரையறு நிறுவனங்களுக்கு 2015ஆம் ஆண்டின் அறிவிக்கையால் 180ஆம் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. அவற்றின் சங்கவிதிகள் வேறு கட்டுப்பாடு வைத்திருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிறுவனம் தன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை 2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வைப்பதாகக் கொள்வோம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்து ஆறு மாதங்களுக்குள் கூட்டம் நடக்க வேண்டும் என்பதால் அதுவே கடைசி நாள். இயக்குநர் ஒருவர் ஓசூரில் உள்ள தம் பண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். பயணம் ஒரு மணி நேரம்தான். ஆனால் பதிவு அலுவலகம் இருக்கும் நகரத்திற்குள்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். பட்டியலிடப்படாத நிறுவனமாயின், உறுப்பினர் அனைவரும் முன்கூட்டியே எழுத்துமூலமோ மின்னணு முறையிலோ சம்மதித்தால் மட்டுமே வேறிடம் செல்லலாம். முப்பத்து நான்கு கையெழுத்து திரட்டுவதைவிடப் பீன்யா அலுவலகமே எளிது. நேரம் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே இருக்க வேண்டும் என்பதும் நிறைவேறுகிறது.

இனி நாட்கணக்கு. பெரும்பாலான அறிவிப்புகள் தவறுவது இங்கேதான். சட்டம் கேட்பது இருபத்தொரு முழு நாட்கள். அறிவிப்பு சேர்ந்த நாளும் கூட்டம் நடக்கும் நாளும் அதில் அடங்கா. இன்றைய சட்டத்தில் இது வெளிப்படையாகவே உள்ளது. பழைய 1913ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய தெளிவு இல்லை. 1940களின் இறுதியில் நாகப்ப செட்டியார் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் இருபத்தொரு நாட்கள் என்பதை இருபத்தொரு முழு நாட்கள் என்றே படிக்க வேண்டும் என்று கூறியது. குதிரைப் பந்தயச் சங்கத்தின் உறுப்பினர் தகராறில் பிறந்த அந்தக் கணக்கு இன்றும் கம்பெனிச் செயலர்களின் மேசையில் இருக்கிறது.

பின்னோக்கி எண்ணுவதே பாதுகாப்பான வழி. செப்டம்பர் 30ஐ விட்டுவிடுவோம். 29இலிருந்து 9 வரை எண்ணினால் சரியாக இருபத்தொரு நாட்கள். ஆகவே அறிவிப்பு 8ஆம் தேதிக்குள் சேர்ந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் 8ஆம் தேதி அனுப்பலாம். அஞ்சலில் அனுப்பினால், கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்டு 48 மணி நேரம் கழிந்த பின்னரே அறிவிப்பு சேர்ந்ததாகச் சட்டவிதி கருதுகிறது. எனவே 6ஆம் தேதி, சனிக்கிழமைக்குள் அஞ்சலகத்தில் கொடுத்து ரசீது பெற வேண்டும். சிலருக்கு மின்னஞ்சல், முகவரி மட்டும் உள்ள முதியோருக்கு அஞ்சல் என இரண்டும் கலந்திருந்தால், முந்திய தேதியையே அனைவருக்கும் கடைப்பிடிப்பது நல்லது. அந்த அஞ்சல் ரசீதையும் மின்னஞ்சல் அனுப்பிய பட்டியலையும் கோப்பில் வைத்திருங்கள். உறுப்பினர்களைத் தவிர இயக்குநர்களுக்கும் தணிக்கையாளருக்கும், காலமான உறுப்பினரின் சட்டப்படியான வாரிசுக்கும் அறிவிப்பு சென்றாக வேண்டும்.

திங்கட்கிழமை வரை பொறுக்கலாம் என்று அஞ்சலைத் தள்ளிவைத்துவிட்டால் என்ன ஆகும்? கூட்டத்தைத் தள்ளினால் ஆறு மாத வரம்பு மீறும். மீதமுள்ள வழி குறுகிய கால அறிவிப்புக்குச் சம்மதம் பெறுவது. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு, வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நூற்றுக்கு 95 பேர் எழுத்துமூலமோ மின்னணு முறையிலோ சம்மதிக்க வேண்டும். இங்கே எண்ணப்படுவது தலைகள்; பங்குகள் அல்ல. முப்பத்து நான்கில் 95 விழுக்காடு 32.3, ஆகவே முப்பத்து மூன்று பேர் தேவை. பத்துப் பங்கு வைத்திருக்கும் இருவர் மௌனமாக இருந்தாலே போதும், வழி அடைபட்டுவிடும்.

அறிவிப்பின் உடல் இரு பகுதிகளாக அமையும். கணக்குகளை ஏற்பது, ஈவுத்தொகை, சுழற்சி முறையில் ஓய்வுபெறும் இயக்குநரின் இடத்தை நிரப்புவது, தணிக்கையாளர் நியமனம் ஆகியவை வழக்கமான அலுவல்கள். மற்றவை அனைத்தும் சிறப்பு அலுவல்கள். கடன் வரம்பு இரண்டாவது வகை. இங்கே ஒரு சொல் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சிறப்புத் தீர்மானமாக முன்மொழியும் நோக்கம் அறிவிப்பிலேயே கூறப்பட்டிருக்க வேண்டும். அது விடுபட்டால், கூட்டத்தில் அனைவரும் கை உயர்த்தினாலும் அது சிறப்புத் தீர்மானம் ஆகாது. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை.

நடைமுறையில் அறிவிப்பு ஆங்கிலத்தில் எழுதப்படுவதே வழக்கம். தீர்மானத்தின் பொருள் தமிழில் இவ்வாறு அமையும்:

"பின்வரும் தீர்மானத்தைப் பரிசீலித்து, உகந்ததெனக் கண்டால் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றுதல்: கம்பெனிகள் சட்டம் 2013இன் 180(1)(சி) பிரிவின்படி, செலுத்தப்பட்ட மூலதனம், கையிருப்பு நிதி, பங்கு முனைமம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மிஞ்சினாலும், வழக்கமான வணிகத்தில் வங்கியாளரிடம் பெறும் தற்காலிகக் கடன்கள் நீங்கலாக, எக்காலத்தும் நிலுவையில் உள்ள மொத்தக் கடன் ₹20 கோடியைத் தாண்டாதவாறு கடன் பெற இயக்குநர் குழுவிற்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது."

₹20 கோடி என்ற எண்தான் இதன் முதுகெலும்பு. தேவையான அளவு கடன் பெறலாம் என்று பொதுவாக எழுதுவோர் பலர். மொத்தத் தொகையைத் தீர்மானம் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்வதால் அத்தகைய தீர்மானம் வங்கிக்கு உதவாது. புதிய கடனுக்கு மட்டும் ₹6 கோடி என்று எழுதுவதும் தவறே. எண் மொத்த நிலுவைக்கு உரியது.

சிறப்பு அலுவல் ஒவ்வொன்றுக்கும் விளக்க அறிக்கை இணைக்க வேண்டும். நிறுவனத்தின் வளர்ச்சி கருதி என்று ஒரு வரி எழுதிவிடுவது விளக்கம் ஆகாது. எந்த இயந்திரத்திற்காக, இப்போது எவ்வளவு நிலுவை, எவ்வளவு கூடும், ஏன் ₹20 கோடி என்பவற்றை உறுப்பினர் புரிந்துகொள்ளும்படி கூற வேண்டும். அதைவிட முக்கியம், இயக்குநர்களுக்கோ மேலாளர்களுக்கோ அவர்கள் உறவினர்களுக்கோ உள்ள ஈடுபாடு. இயந்திரத்தை விற்கும் நிறுவனம் இயக்குநர் ஒருவரின் சகோதரருடையது என்றால் அதை மறைக்கலாகாது. அப்படி மறைத்து இயக்குநர் ஆதாயம் அடைந்தால், அந்த ஆதாயத்தை நிறுவனத்திற்குரிய பொறுப்புப் பொருளாகவே அவர் வைத்திருப்பதாகச் சட்டம் கொள்ளும். யாருக்கும் ஈடுபாடு இல்லையெனில் அதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது பதிலாள் படிவம். வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம், அவர் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை என்ற வாசகம் அறிவிப்பில் கண்ணில் படும்படி இடம்பெற வேண்டும். படிவம் எம்ஜிடி-11 எனப்படும். நிறுவனத்தின் அடையாள எண்ணும் பதிவு முகவரியும் மேலே, உறுப்பினரின் பெயர், முகவரி, ஃபோலியோ எண் அடுத்து, பதிலாளின் பெயரும் கையொப்பமும் அதன் கீழே, கூட்டத்தின் நாள், நேரம், இடம் ஆகியவையும் தீர்மானங்களின் வரிசையும் பின்னர், இறுதியில் வருவாய் முத்திரை ஒட்டி உறுப்பினரின் கையொப்பம். தீர்மானங்களின் எண்கள் அறிவிப்பின் எண்களோடு ஒத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அலுவல் ஒன்றைச் செருகிய பின் படிவத்தைத் திருத்த மறப்பது அடிக்கடி நேரும் பிழை.

படிவம் கூட்டத்திற்கு 48 மணி நேரம் முன்னதாகப் பதிவு அலுவலகத்தில் சேர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது செப்டம்பர் 28 காலை 11 மணி. அன்று ஞாயிற்றுக்கிழமை! அலுவலகம் மூடியிருக்கிறதே என்று சனிக்கிழமை மாலையைக் கடைசி நேரமாக அச்சிட்டுவிட்டால், சங்கவிதியே அவ்வாறு சொன்னாலும் 48 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செல்லாது. ஞாயிறு காலை ஒருவரை அமர்த்திப் படிவங்களை நேரம் குறித்துப் பெற ஏற்பாடு செய்வதே முறை. அல்லது தொடக்கத்திலேயே கூட்ட நாளை வேறு கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பதிலாளின் உரிமைகள் மிகக் குறைவு. அவர் பேச இயலாது. கை உயர்த்தி வாக்களிக்கவும் இயலாது. வாக்குச்சீட்டு எடுக்கப்பட்டால் மட்டுமே வாக்களிக்கலாம். ஒருவர் அதிகபட்சம் ஐம்பது உறுப்பினர்களுக்கு, மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மிகாத பங்குகளுக்குப் பதிலாளாக இருக்கலாம். பத்துக்கு மேல் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவரை நியமித்தால் அந்த நபர் வேறு யாருக்கும் பதிலாளாக இருத்தல் ஆகாது. பங்குதாரர் மற்றொரு நிறுவனமாக இருந்தால் பதிலாளைவிட, தன் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் வழியே பிரதிநிதியை அனுப்புவது மேல். அவர் உறுப்பினரைப் போலவே பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெறுவார்.

கூட்டம் முடிந்து தீர்மானம் நிறைவேறியதும் முப்பது நாட்களுக்குள், அதாவது அக்டோபர் 30க்குள், எம்ஜிடி-14 படிவத்தில் கர்நாடகக் கம்பெனிகள் பதிவாளரிடம் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். விளக்க அறிக்கையும் அதனுடன் இணைக்கப்படும். அந்தத் தாக்கலின் ஒப்புகைச் சீட்டு, சான்றிட்ட தீர்மான நகல், அறிவிப்பு, செப்டம்பர் 6ஆம் தேதியிட்ட அஞ்சல் ரசீது ஆகிய நான்கும் சேர்ந்து கிளைக்கு வந்தால், கோப்பு அன்றே அடுத்த மேசைக்கு நகரும்.