மொழிபெயர்ப்பு மேசை – 17: வினைச்சொல்லின் வால்

சென்ற மாதம் ஒரு வழக்கறிஞர் வாட்ஸ்அப் உரையாடல்களின் அச்சுப்படி ஒன்றை என்னிடம் அனுப்பினார். நாற்பது பக்கம். வீடு வாங்குவதற்காகக் கொடுத்த பணத்தைப் பற்றிய தகராறு அது. ஏற்கெனவே ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். அதைச் சரிபார்ப்பது என் வேலை. அண்ணன் தங்கைக்கு அனுப்பிய ஒரு செய்தியில்தான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். தொகையை மட்டும் மாற்றித் தருகிறேன்:

broker kitta 2 latcham kuduthu vechiruken. veetukarar kitta sollitaram. nalaiku varala.

முதல் மொழிபெயர்ப்பு சொன்னது இது: தரகருக்கு 2 லட்சம் கொடுத்துவிட்டேன், அவர் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார், நாளைக்கு வரவில்லை. படித்தால் எங்கும் உறுத்தாது. ஆனால் மூன்று வாக்கியத்திலும் பிழை இருக்கிறது, மூன்றும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. பேச்சுத்தமிழில் யார், எப்போது, எந்த மனநிலையில், எவ்வளவு உறுதியோடு என்பதெல்லாம் வினையின் கடைசி இரண்டு மூன்று ஒலிகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அரட்டையில் எழுவாயை யாரும் தட்டுவதில்லை என்பதால் அந்த வாலை விட்டால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘குடுத்துட்டேன்’ என்றால் கொடுத்தாயிற்று, காரியம் முடிந்தது, பணம் கைமாறிவிட்டது. ‘குடுத்து வெச்சிருக்கேன்’ என்பது அப்படி இல்லை. பின்னால் ஒரு தேவை வரும், அதற்காக இப்போதே ஒன்றைச் செய்து வைக்கிறேன் என்ற எண்ணம் ‘வை’ என்ற துணைவினையில் இருக்கிறது. ‘சொல்லி வை’, ‘வாங்கி வை’, ‘எழுதி வை’ எல்லாமே அந்த வகைதான். ஹெரால்ட் ஷிஃப்மன் 1999-ல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கண நூலில் இப்படிப்பட்ட துணைவினைகளை விரிவாகவே பேசியிருக்கிறார். காலத்தைக் காட்டுவது மட்டும் இவற்றின் வேலை இல்லை, பேசுகிறவர் அந்தச் செயலை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் இவை காட்டுகின்றன. (போன பிறவியில் புண்ணியம் செய்தவரை ‘குடுத்து வெச்சவர்’ என்கிறோமே, அதிலும் இதே ‘வை’தான் இருக்கிறது: முன்பே கொடுத்தது, இப்போது பலன் தருகிறது.)

அப்படியானால் அண்ணன் சொன்னது என்ன? 2 லட்சம் தரகர் கையில் இருக்கிறது, வேலை நடந்தால் அது உதவும். ‘ஐ ஹேவ் கிவன்’ என்று எழுதினால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நீதிபதி படிப்பார். ‘ஐ ஹேவ் லெஃப்ட் 2 லாக்ஸ் வித் தி புரோக்கர்’ என்று நான் திருத்தினேன். ‘டெபாசிட்’ என்ற சொல்லைப் போடலாமே என்று வழக்கறிஞர் கேட்டார். மறுத்துவிட்டேன். பணம் திரும்பி வர வேண்டியதா என்பதைத் துணைவினை சொல்லாது. அதை வழக்கில்தான் நிரூபிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ‘வை’க்குள் இருப்பதைக் குறைக்கவும் கூடாது, சட்டச் சொல் ஒன்றை அதற்குள் திணிக்கவும் கூடாது.

இரண்டாவது வாக்கியம் ‘சொல்லிட்டாராம்’. இங்கே வால் ‘ஆம்’. வீட்டுக்காரரிடம் தரகர் சொன்னதை அண்ணன் நேரில் கேட்கவில்லை. சொன்னதாக அவரிடம் யாரோ, பெரும்பாலும் அந்தத் தரகரே, சொல்லியிருக்கிறார். தான் கண்டதைச் சொல்வதற்கும் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கும் நீதிமன்றத்தில் மதிப்பு வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஓர் ‘ஆம்’ விடுபட்டதால் கேள்விப்பட்ட செய்தி கண்ணால் கண்ட செய்தியாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா என்பதே இந்த வழக்கின் மையம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த ‘ஆம்’ விடுபடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிறையப் பேர் பேச்சுத்தமிழை முதலில் மனத்துக்குள் எழுத்துத்தமிழாக்கிக்கொள்கிறார்கள், பிறகு அதை ஆங்கிலமாக்குகிறார்கள். எழுத்துத்தமிழில் ‘சொல்லிவிட்டாராம்’ என்று எழுதினால் பாட்டி கதை போல இருக்கும். அதனால் கை தானாகவே ‘சொல்லிவிட்டார்’ என்று அதைச் சுத்தம் செய்துவிடுகிறது. பத்திரிகை நடையில் ‘சொன்னதாகக் கூறப்படுகிறது’ என்று நீட்டி எழுத வேண்டியதை அரட்டையில் ஒரே ஒலி செய்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘அப்பேரன்ட்லி’ என்று போடுபவர்களும் உண்டு. பாதி சரி. அந்தச் சொல் கேள்விப்பட்டதற்கும் பொருந்தும், பார்த்து ஊகித்ததற்கும் பொருந்தும். தமிழில் இவை இரண்டும் வேறு. ஊகித்தால் ‘சொல்லிட்டார் போல இருக்கு’ என்போம், கேள்விப்பட்டால்தான் ‘சொல்லிட்டாராம்’. அதனால் ‘ஹி சேஸ் ஹி ஹேஸ் டோல்டு’ என்றோ, சொன்னது யார் என்று தெரியாத இடத்தில் ‘ஐ ஆம் டோல்டு’ என்றோ எழுதுவதே சரி. ‘பெரிய மனுஷனாம்!’ என்பது போல நம்பாமல் சொல்லும் ‘ஆம்’ ஒன்றும் உண்டு. முன்பின் செய்திகளில் அந்தக் கசப்பு தெரிந்தாலொழிய அதை மொழிபெயர்ப்பில் ஏற்ற மாட்டேன்.

என்னை இரண்டு நாள் நிறுத்தியது மூன்றாவது வாக்கியம். varala என்பது ‘வரல’வா, ‘வரலாம்’தானா? எழுத்துத்தமிழில் வரவில்லைக்கும் வரலாமுக்கும் குழப்பமே வராது. பேச்சில் சொல்லின் கடைசி மகரமும் னகரமும் தனியாக ஒலிப்பதில்லை, முன்னால் உள்ள உயிரெழுத்தை மூக்கொலியாக்கிவிட்டுத் தாம் மறைந்துவிடும். ‘வரலாம்’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடாது. காதால் கேட்பதைத் தட்டுகிறவர்கள் சிலர் அந்த எம் எழுத்தை விட்டுவிடுகிறார்கள். நெடிலுக்கு இரண்டு ஏ தட்டும் பழக்கமும் பலருக்கு இல்லை. இரண்டும் சேர்ந்தால் ‘வரலாம்’ அப்படியே ‘வரல’ ஆகிவிடும். போதாததற்கு, பேச்சில் ‘வரல’ என்பது நேற்று வராததற்கும் ஆகும், ‘நான் நாளைக்கு வரல’ என்று இனி வரப்போவதில்லை என்பதற்கும் ஆகும். ஆகவே ‘நாளைக்கு’ என்ற சொல்லும் உதவவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் அகராதியைப் புரட்டிப் பயன் இல்லை, அனுப்பியவரின் கைப்பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். நாற்பது பக்கத்திலும் அந்த அண்ணன் மறுத்துச் சொன்ன இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு போனேன். kudukla, theriyla, varla என்று நடுவில் உள்ள உயிரை விழுங்கியே தட்டியிருக்கிறார். இசைவு சொல்லும் இடங்களில் pakala, pesala என்று எழுதியிருக்கிறார், அங்கெல்லாம் ‘பாக்கலாம்’, ‘பேசலாம்’ என்பதே பொருந்துகிறது. அதற்குப் பிறகு தங்கையின் பதிலைப் பார்த்தேன்: ethana manikku? வரவில்லை என்று சொன்னவரிடம் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே அது ‘நாளைக்கு வரலாம்’. யார் வரலாம் என்பது அப்போதும் சொல்லப்படவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘யூ’ என்பதைச் சதுர அடைப்புக்குள் வைத்து, இது நான் நிரப்பியது என்று கீழே குறிப்பு எழுதினேன்.

இலங்கைத் தமிழ் வந்தால் வால் இன்னும் நுட்பமாகும். பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் வாழும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் செய்திகளை மொழிபெயர்த்தேன். nalaiku kasu kondu poran என்று ஒரு வரி. ‘நாளைக்கு அவன் காசு கொண்டு போகிறான்’ என்று எழுதிவிட்டேன். தமிழ்நாட்டுக் காதுக்கு அது ‘போறான்’. யாழ்ப்பாணத்தில் தன்மை ஒருமை ‘நான் போறன்’, ‘நான் வாறன்’ என்று குறிலில் முடியும், படர்க்கை ‘அவன் போறான்’ என்று நெடிலில் முடியும். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே உருவம். காசு கொண்டு போனது செய்தி அனுப்பியவரே. நான் அந்த ஆளையே மாற்றிவிட்டேன். நாலு வரி தள்ளி அவரே naan poran என்று தட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் தவறு தெரிந்தது, பக்கத்தைத் திருப்பி வாங்கித் திருத்திக் கொடுத்தேன். அதே கோப்பில் appa kadaikku pottar என்றும் இருந்தது. அங்கே ‘போட்டார்’ என்றால் போய்விட்டார். நம் ஊர்க் கணக்கில் படித்தால் அப்பா கடையில் எதையோ போட்டதாகிவிடும்.

அந்தக் கோப்புக்குப் பிறகு என் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் மூன்று பத்தி போடுகிறேன். முதல் பத்தியில் செய்தி தட்டியபடியே, எழுத்துப்பிழையும் திருத்தாமல். இரண்டாவதில் அதே செய்தி தமிழ் எழுத்தில், ஆனால் பேச்சாகவே: குடுத்து வெச்சிருக்கேன், சொல்லிட்டாராம், வரலாம். மூன்றாவதில் ஆங்கிலம். எழுத்துத்தமிழுக்கு அதில் இடமே கொடுப்பதில்லை. நான் மதிக்கும் மூத்த மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் இதை ஏற்பதில்லை, நல்ல தமிழில் எழுதிக்கொண்டால்தான் நல்ல ஆங்கிலம் வரும் என்கிறார்கள். கட்டுரைக்கும் கடிதத்துக்கும் அது சரி. அரட்டைக்கு அது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த நடுப்படியில் விழுந்த பிழையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அந்தப் படி தாளில் இருப்பதில்லை. இரண்டாவது பத்தியில் நான் ‘வரலாம்’ என்று படித்தது தாளிலேயே இருந்தால் எதிர்த்தரப்பு ‘இல்லை, அது வரல’ என்று கேட்கலாம், நானும் காரணம் சொல்லலாம்.

இன்னொன்று. மின்னணுப் பதிவுகளுக்கு இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் கேட்கிறார்கள். 2024 ஜூலை 1-க்கு முன் அது பழைய சட்டத்தின் 65பி. அச்சுப்படி அந்தக் கருவியில் இருந்த பதிவிலிருந்து எடுத்தது என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். மொழிபெயர்ப்பு சரியா என்பதற்கு அது பொறுப்பில்லை. சான்றிதழ் இருக்கிறதே என்று ஆங்கிலப் பக்கத்தையும் சேர்த்து நம்பிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, உங்கள் செய்திகளை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது வேண்டிய வரியை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள். முன்னால் இருபது செய்தி, பின்னால் இருபது செய்தி சேர்த்துக் கொடுங்கள். அனுப்பியவர் எந்த ஊர்க்காரர் என்று எழுதிக் கொடுங்கள். அவர் பேசிய குரல்பதிவு ஒன்று இருந்தால் அதையும் கொடுங்கள்.