மாற்றித் தந்த போனிலும் தீப்பிடித்தபோது

சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன் 2016 ஆகஸ்ட் 19-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் பேட்டரி தீப்பிடித்ததாக 35 புகார்கள் சேர்ந்துவிட்டன. செப்டம்பர் 2-ஆம் தேதி நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. ஏறக்குறைய 25 லட்சம் போன்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. இத்தனை பெரிய நிறுவனம் இவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் வாங்கியவருக்கு முதலில் தெரியவேண்டியது, கையில் இருக்கும் போனை இப்போது என்ன செய்வது என்பதுதான். மாற்றித் தருகிறோம் என்ற செய்தி வந்த அளவுக்கு, உடனே அணைத்து வையுங்கள் என்ற எச்சரிக்கை உரக்க வரவில்லை. அது வர ஒரு வாரம் ஆனது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாக முறைப்படி திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது செப்டம்பர் 15-இல்தான். அதுவரை போன்கள் சட்டைப் பையிலும் தலையணை அருகிலும் கிடந்தன.

அதைவிடப் பெரிய தவறு அடுத்து நடந்தது. பேட்டரி கொடுத்த இரு நிறுவனங்களில் ஒன்றின் மீதுதான் பிழை என்று சாம்சங் முடிவுகட்டியது. மற்றதன் பேட்டரியோடு புதுப் போன்களைக் கொடுத்தது. பாதுகாப்பானது எனக் காட்ட, திரையின் பேட்டரிக் குறியைப் பச்சையாக்கியது. அக்டோபர் 5-ஆம் தேதி லூயிவில் விமான நிலையத்தில் புறப்படவிருந்த விமானத்துக்குள் அப்படி மாற்றித் தந்த போன் ஒன்று புகைந்தது. பயணிகளை இறக்கிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் நோட் 7 உற்பத்தியே நின்றுபோனது.

விற்பனையை நிறுத்துவதில் அவசரம் நல்லது. காரணம் உறுதியாகும் முன்பே மாற்றுப் பொருளைக் கையில் கொடுப்பதில் அவசரம் ஆபத்து. அப்போது பணத்தைத் திருப்பித் தருவதே நேர்மை. நிறுவனமே பாதுகாப்பானது என்று கொடுத்த பொருள் எரிந்தால், அதன் அடுத்த வார்த்தையை யார் நம்புவார்கள்?

நம்பிக்கையை மீட்க சாம்சங் பிறகு செய்தது கவனிக்கத் தக்கது. திரும்ப அனுப்பத் தீ தாங்கும் பெட்டிகளைக் கொடுத்தது. திருப்பித் தராதவர்களின் போன் முழுதாகச் சார்ஜ் ஏறாதபடி மென்பொருளால் தடுத்தது. வெளி நிபுணர்களையும் சேர்த்துக்கொண்டு, லட்சக்கணக்கான போன்களைச் சோதித்து, 2017 ஜனவரியில் காரணத்தை வெளியிட்டது. இரு பேட்டரிகளிலும் வெவ்வேறு பிழை இருந்தது. ஒன்றில் மூலைப் பகுதியில் எதிர்மின் தகடு மடங்கியிருந்தது. மற்றதில் வெல்டிங் பிசிறுகள் உள் தடுப்பைக் கிழித்திருந்தன. பேட்டரி கொடுத்தவர்களைக் கைகாட்டித் தப்பாமல், பிழையைக் கண்டுபிடிக்கத் தவறியது தன் பொறுப்பே என்றும் சாம்சங் ஒப்புக்கொண்டது.

அதற்குள் 96 சதவீதப் போன்கள் திரும்பிவிட்டதாக அது சொன்னது. போன் இணையத்தில் இருப்பதால் தொலைவிலிருந்தே எச்சரிக்கவும் முடக்கவும் முடிந்தது. மிக்சிக்கும் குக்கருக்கும் அந்த வசதி இல்லை. பில்லில் வாங்கியவரின் எண் பதிவாகியிருக்க வேண்டும். பொருளின் அடியில் தயாரிப்பு எண் அழியாமல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், யார் வீட்டில் அந்தப் பொருள் இருக்கிறது என்பதே நிறுவனத்துக்குத் தெரியாது.