பலகோணத்தைச் சுற்றும் காலிப்பர்

உட்குழிவே இல்லாத ஒரு பலகோணம். அதன் எந்த இரண்டு முனைகளுக்கு இடையே தொலைவு மிக அதிகம்? ஐந்தாறு முனைகள் என்றால் எல்லா இணைகளையும் அளந்துவிடலாம். ஒரு லட்சம் முனைகள் இருந்தால் இணைகள் ஏறக்குறைய 500 கோடி!

எல்லோருக்கும் முதலில் தோன்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரு முனையில் நின்றபடி மற்ற முனைகளை வரிசையாக அளந்து வருவோம்; தொலைவு குறையத் தொடங்கியதும் நிறுத்திவிடுவோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. (0,0), (10,1), (9,4), (7,8) என்ற நாற்கரத்தைப் பாருங்கள். முதல் முனையிலிருந்து மற்ற மூன்றின் தொலைவு வர்க்கங்கள் 101, 97, 113. 97-ஐக் கண்டதும் நின்றவர் 113-ஐக் கோட்டைவிடுவார்.

முனையிலிருந்து அளப்பதை விட்டு ஒரு பக்கத்திலிருந்து செங்குத்து உயரத்தை அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த உயரம் ஒருமுறை ஏறும், பிறகு இறங்கும், மறுபடி ஏறாது. மைக்கேல் ஷாமோஸ் 1978-இல் யேல் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வில் தந்த முறை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. 1983-இல் காட்ஃப்ரைட் டூசான் அதற்குச் 'சுழலும் காலிப்பர்' என்று பெயர் வைத்தார். காலிப்பரின் இரண்டு தாடைகளைப் போல, இணையான இரு கோடுகள் பலகோணத்தைக் கவ்வியபடி ஒரு சுற்று சுற்றி வருகின்றன.

கவ்விய முனைகளை மட்டும் பார்த்தால் போதுமா? போதும். மிக நீளமான இணையின் இரு முனைகளிலும் அந்த இணைப்புக்குச் செங்குத்தாகக் கோடுகள் வரையுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு முனை இருந்தால், எதிர்முனையிலிருந்து அது இன்னும் தொலைவில் இருக்கும். அது முரண். ஆகவே பலகோணம் முழுவதும் இரு கோடுகளுக்குள் அடங்குகிறது. நமக்கு வேண்டிய இணையைத் தாடைகள் ஏதோ ஒரு திசையில் கவ்வியே தீரும்.

A(0,0), B(5,0), C(7,3), D(4,6), E(1,5) என்ற ஐங்கோணத்தில் செய்து பார்ப்போம். AB பக்கத்திலிருந்து உயரங்கள் C-க்கு 3, D-க்கு 6, E-க்கு 5. எனவே எதிர்முனை D. பக்கத்தின் இரு நுனிகளிலிருந்தும் அதன் தொலைவை அளக்கிறோம்: வர்க்கங்கள் AD 52, BD 37. அடுத்து BC பக்கம். இங்கே மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டாம், D-யிலிருந்தே தொடரலாம். எதிர்முனை E-க்கு நகர்கிறது: BE 41, CE 40. பிறகு CD பக்கம், எதிர்முனை A: AC 58. மீதி இரு பக்கங்களிலும் புதிய இணை எதுவும் வருவதில்லை. விடை AC, நீளம் √58, சுமார் 7.62. பத்து இணைகளில் ஐந்தை மட்டுமே அளந்தோம்.

எதிர்முனை பின்னோக்கி நகர்வதே இல்லை என்பதில்தான் வேகம் இருக்கிறது. பக்கங்கள் ஒரு சுற்று வரும்போது அதுவும் ஒரு சுற்றே வருகிறது. ஒரு லட்சம் முனைகளுக்குச் சில லட்சம் கணக்குகளில் வேலை முடியும்.

நிரல் எழுதுவோர் ஒரே இடத்தில் இரட்டித்த புள்ளிகளையும் பக்கத்தின் நடுவே கிடக்கும் புள்ளிகளையும் முதலில் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உயரங்கள் சமமாகி எதிர்முனை பாதியில் நின்றுவிடும். ஒழுங்கற்ற புள்ளிக் கூட்டம் என்றால், முதலில் அதைச் சுற்றிய குவிவு வேலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிக நேரம் அந்த வேலைக்குத்தான் போகும். முப்பரிமாணத்துக்கு இந்த முறை அப்படியே செல்லாது. அங்கே இணையான இரு தளங்களுக்கு இடையே கவ்வப்படும் இணைகளே முனைகளின் எண்ணிக்கையின் வர்க்க அளவுக்குப் பெருகக்கூடும்.